இரண்டரை பவுண்டுக்காக யார் ரொக்கத்தை விடுவார்?

1946 அக்டோபரில் பிரிட்டன் நிதியமைச்சர் ஹியூ டால்டன் ஒரு கடன் பத்திரத்தை வெளியிட்டார். விலை 100 பவுண்டு, ஆண்டு வட்டி இரண்டரை பவுண்டு. அசலை 1975-க்கு முன் அரசு திருப்பித் தராது. அதன் பிறகும் தருவது அரசின் இஷ்டம். போரில் நொடிந்த நாட்டுக்கு மலிவான கடன் வேண்டும் என்பது டால்டனின் கணக்கு. சும்மா கிடக்கும் பணத்துக்கு இரண்டரை பவுண்டாவது வருமே என்று மக்கள் வாங்கிவிடுவார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பலர் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருந்தது.

பத்திரத்தை வாங்கியவருக்கு அவசரத்துக்குப் பணம் வேண்டுமானால், அதைச் சந்தையில் விற்கத்தான் வேண்டும். அடுத்த ஆண்டு சந்தை வட்டி 3 சதவீதம் ஆகிவிட்டால், ஆண்டுக்கு இரண்டரை பவுண்டு மட்டுமே தரும் பழைய பத்திரத்தை 100 கொடுத்து யாரும் வாங்கமாட்டார்கள். அதன் விலை சுமார் 83-க்கு இறங்கினால்தான் வாங்குபவருக்கு 3 சதவீதம் கட்டுப்படியாகும். வந்தது இரண்டரை பவுண்டு, போனது 17 பவுண்டு. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். வட்டி 2.5-லிருந்து 2.56-க்கு நகர்ந்தாலே ஓராண்டு வருமானம் முழுவதும் விலைச் சரிவில் கரைந்துவிடும். இதே வட்டி 8 சதவீதமாக இருந்திருந்தால், அது ஏறக்குறைய 8.7-க்கு ஏறும்வரை நஷ்டமில்லை. வட்டி குறையக் குறைய, அது தரும் பாதுகாப்பும் மெலிகிறது.

பொருளியலாளர் கெய்ன்ஸ் 1936-இல் இதைத்தான் 'ரொக்க விருப்பம்' என்று விளக்கினார். அன்றாடச் செலவுக்கும் திடீர்த் தேவைக்கும் மக்கள் ரொக்கம் வைத்திருக்கிறார்கள். இவை போக, 'வட்டி ஏறும், பத்திர விலை இறங்கும், அப்போது வாங்கிக்கொள்ளலாம்' என்று காத்திருக்கும் ரொக்கமும் உண்டு. வட்டி என்பது சேமித்ததற்கான கூலி அல்ல, கையிலுள்ள ரொக்கத்தைப் பிரிவதற்கான விலை என்றார் அவர்.

அந்த விலை அமைவது இப்படித்தான். நாட்டில் புழங்கும் பணத்தின் அளவு மாறாதபோது, எல்லோரும் ஒரே நேரத்தில் கூடுதல் ரொக்கம் வைத்திருக்க முடியாது. ரொக்கம் தேடிப் பலர் பத்திரங்களை விற்கப் பார்த்தால் விலை சரிகிறது, வட்டி ஏறுகிறது. 'இந்த வட்டி கிடைத்தால் பத்திரமே மேல்' என்று போதுமான பேர் மனம் மாறும் இடத்தில் ஏற்றம் நிற்கிறது. மாறாக, வட்டி மிகத் தாழ்ந்து, இனி ஏறத்தான் செய்யும் என்று எல்லோரும் நம்பிவிட்டால், அரசு எவ்வளவு புதுப் பணம் விட்டாலும் அது பத்திரத்துக்குப் போகாமல் ரொக்கமாகவே தங்கிவிடும்.

டால்டனின் பத்திரம் 1947-இல் சரிந்தது. எரிபொருள் தட்டுப்பாடும் பவுண்டு நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, இரண்டரை சதவீத முயற்சி கைவிடப்பட்டது. 1974 இறுதியில் நீண்டகால வட்டி 15 சதவீதத்தைத் தாண்டியபோது, 100 பவுண்டுப் பத்திரம் 17 பவுண்டுகூடப் பெறவில்லை. ஆனால் ரொக்கமாகவே வைத்திருந்தவரும் முழுதாகத் தப்பவில்லை. 1947-இல் சரிந்த விலையில் பத்திரம் வாங்க அவர் கையில் பணம் இருந்தது. 1974 வரை அதைப் பெட்டியிலேயே பூட்டி வைத்திருந்தால், அதன் மதிப்பை விலைவாசி அரித்திருக்கும்.