செங்காவித் தரையில் ஒரு முகம்

பொங்கல் வாழ்த்துக்காக வீட்டுப் பெரியவர் ஒருவரின் முகத்தைக் கோலப்பொடியாலேயே தரையில் வரைந்து, சுற்றிலும் சிக்குக் கோலம் போட்டுப் படம் பிடித்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பலருடைய படத்தில் கோலம் அருமையாக இருக்கும். முகம்தான் காலை வாரிவிடும். வண்ணப்பொடியில் 'ஸ்கின் கலர்' என்று கடையில் கேட்டு வாங்கி, அதை முகம் முழுக்க நிரப்பி, மேலே கறுப்பில் கண்ணும் மூக்கும் வரைந்தால் பொம்மைதான் கிடைக்கும். பாட்டி கிடைக்கமாட்டார்.

புனே, மும்பை, வதோதரா பக்கம் முக ரங்கோலியில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தரையைப் பொடியால் மூடி, சாயலுக்கு மேல் சாயலாகத் தூவி, எண்ணெய் ஓவியம் போலவே கொண்டுவந்துவிடுவார்கள். அதற்கு வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும், ஒரு முகத்துக்கு நாள்கணக்கில் உட்காரவும் வேண்டும். பொங்கலுக்கு முந்தின நாள் கரும்பும் மஞ்சள்கொத்தும் வாங்கப் போகவேண்டிய நமக்கு அது ஆகாது. நமக்கு ஒரு குறுக்குவழி உண்டு. முகத்தின் நிறத்தைப் பொடியால் போடாமல், தரையின் நிறத்தையே அதற்கு விட்டுவிடுவது.

மன்னார்குடிப் பக்கத்தில் என் பெரியம்மா வீட்டுக் கூடம் ரெட் ஆக்ஸைடு தரை. சிமென்டோடு செங்காவிச் சாயம் கலந்து, கரண்டியால் இழைத்து இழைத்து மெருகேற்றி, பல வருடம் கால் பட்டுப் பளபளத்துப்போன தரை. பழைய வீடுகளில் இன்னும் மிச்சம் இருக்கிறது. அந்தச் செம்பழுப்பு நம் ஊர் முகங்களின் நடுச்சாயலுக்குப் பெரும்பாலும் பக்கத்திலேயே நிற்கிறது. எனவே கன்னம், நெற்றியின் பெரும்பகுதி, கழுத்து ஆகிய இடங்களில் ஒரு சிட்டிகைப் பொடிகூடப் போடவேண்டியதில்லை. வெளிச்சம் படுகிற இடத்தில் மட்டும் வெள்ளை: நெற்றி மேடு, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு, நரைத்த தலை. நிழல் விழுகிற இடத்தில் மட்டும் அடர்த்தி: கண்குழி, மூக்குக்குக் கீழே, தாடைக்கு அடியில்.

நிழலுக்கு வெறும் கறுப்பு கூடாது. சிவப்புத் தரையில் கரி நேராக விழுந்தால் முகத்தில் ஓட்டை விழுந்த மாதிரி தெரியும். மூன்று பங்கு காவிப்பொடிக்கு ஒரு பங்கு கரித்தூள் என்று கலந்துகொண்டால் சூடான பழுப்பு வரும். அது தரையோடு ஒட்டிக்கொள்ளும். கருவிழி, புருவம், இமையோரம் ஆகியவற்றுக்கு மட்டும் தனிக்கரி. கரியை மெல்லிய துணியில் சலித்தே ஆகவேண்டும். சலித்த பின்னும் அது லேசு என்பதால் மூச்சுக்காற்றுக்கே பறக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொண்டு வேலை பார்ப்பது நல்லது. (எங்கள் வீட்டில் முதல் பாதி சுலபம்.)

முகத்தின் அளவைப் பொடியின் மணி தீர்மானிக்கிறது. விரலிடுக்கில் விடும் கோடு எவ்வளவு ஒல்லியாக இழுத்தாலும் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் வரும். ஆறு அங்குல அகலத்தில் ஒரு முகம் போட்டால், ஒரு கண் முகத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் மூன்று சென்டிமீட்டர்தான். அதற்குள் இமை, விழி, விழிக்குள் வெள்ளைப் புள்ளி எல்லாம் அடங்கவேண்டும். அடங்கும், ஆனால் இதுதான் எல்லை. இதைவிடச் சின்ன முகம் கோலமாவில் நிற்காது. வாசலுக்குப் போடும் கல்மாவின் பருமணி இதற்கு உதவாது. அதையே டீ வடிகட்டியில் ஒருமுறையும் துணியில் ஒருமுறையும் சலித்தால் போதும். அரிசிமாவு நைஸ்தான், ஆனால் விரலிலிருந்து ஒழுங்காக வழியாது, கட்டிகட்டியாக விழும், எறும்பும் வந்துவிடும். முகத்துக்குச் சலித்த கல்மாவு, சுற்றுக்கோலத்துக்கு வழக்கமான மாவு என்று பிரித்துக்கொள்ளலாம்.

வரையத் தெரியாதே என்கிறவர்களுக்கு ஆரி வேலைக்காரர்களின் உபாயம் இருக்கிறது. பெரியம்மாவின் புகைப்படத்தில் ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்த ஒன்றை எடுத்துக்கொண்டோம். நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்த படத்தில் நிழலே இருக்காது, போடுவதற்கும் ஒன்றும் இருக்காது. வேண்டிய அளவுக்குத் தாளில் அச்செடுத்து, கோடுகள் மேல் நெருக்க நெருக்கமாக ஊசியால் குத்தி, தாளைத் தரையில் விரித்து, நிழலுக்குக் கலந்த பழுப்புப் பொடியைத் துணியில் முடிந்து ஒற்றினால் புள்ளிப் புள்ளியாக உருவம் இறங்கிவிடும். கண், மூக்கு, வாய், தாடை ஆகியவற்றின் விளிம்பு மட்டும் போதும். சுருக்கங்களையெல்லாம் குத்தினால் முகம் நிலப்படம் ஆகிவிடும்.

பிறகு நிழல் முதலில், வெள்ளை கடைசியில். மெருகுத் தரையில் வெள்ளை ஒருமுறை விழுந்துவிட்டால், துடைத்தாலும் லேசான வெண்படலம் நிற்கும். அந்தப் படலத்தின்மேல் போடும் நிழல் சாம்பல் பூத்துத் தெரியும். தப்பாக விழுந்ததைத் துணியால் தேய்க்காமல், காய்ந்த மெத்தென்ற தூரிகையால் தள்ளி எடுக்கவேண்டும். வெள்ளையை விரலால் விடாமல் வடிகட்டியை லேசாகத் தட்டித் தூவினால் ஓரங்கள் தானாகவே மங்கி இறங்கும். கன்னத்துக்கு அதுதான் வேண்டும். மூக்கு நுனியிலும் விழியிலும் மட்டும் தீக்குச்சி முனையால் ஒரு பொட்டு வெள்ளை.

இனிச் சுற்றுக்கோலம். ஊடுபுள்ளியில் 15-லிருந்து 8 வரை என்பது வீடுகளில் எல்லோருக்கும் பழக்கமான கணக்கு: நடுவரிசை 15, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8. மொத்தம் 169 புள்ளி, அறுகோணம். இதன் நடுவில் 7-லிருந்து 4 வரையான சின்ன அறுகோணத்தை, அதாவது 37 புள்ளிகளை, வைக்காமல் விட்டால் 132 புள்ளியில் ஒரு வளையம் கிடைக்கும். வைக்கும் முறையும் எளிது. நடுவரிசையில் நாலு புள்ளி வைத்து, ஏழு இடம் விட்டு, மறுபடி நாலு. அடுத்த வரிசைகளில் விடும் இடம் ஆறு, ஐந்து, நாலு என்று குறையும். இருபுறமும் நாலு புள்ளி மாறாது. அதற்கு அப்புறம் 11, 10, 9, 8 முழு வரிசைகள். புள்ளிக்குப் புள்ளி மூன்று அங்குலம் வைத்தால் கோலம் மூன்றரை அடி அகலம் வரும், நடுவில் ஒன்றேகால் அடி வட்டம் ஒன்று தாராளமாக உட்காரும். ஓரத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலாக வெறுந்தரையும் மிஞ்சும். அந்த வெறுந்தரையை நிரப்பிவிடாதீர்கள். அங்கே பச்சையோ மஞ்சளோ ஏறினால் கண் முதலில் அதற்குத்தான் போகும், முகம் பின்வாங்கிவிடும்.

நடுப்புள்ளிகளை எடுத்ததால் இழை உள்ளே போக வழியில்லை. ஆகவே உள்வரிசைப் புள்ளியைச் சுற்றிய கையோடு வெளிப்பக்கம் திருப்பிவிடவேண்டும். ஆறு பக்கமும் ஒரே மாதிரி திருப்பினால் முகத்தைச் சுற்றித் தானே ஒரு சட்டம் அமைந்துவிடும். வரிசைகளைக் கிடையாக வைப்பதில் இன்னொரு சௌகரியம்: அறுகோணத்தின் தட்டையான பக்கம் மேலும் கீழும் வரும். கீழ்ப்பக்கத்தில் 'பொங்கல் வாழ்த்துகள்' என்று நேராக எழுதலாம். முகத்தை முடித்த பிறகே புள்ளி வைக்க வேண்டும். கோலம் போட்டுவிட்டு நடுவில் எட்டி எட்டி முகம் போட்டால் முந்தானையே பாதியை அழித்துவிடும்.

"காவி கட்டாம என்னடி கோலம்?" என்றார் பெரியம்மா. கேள்வி நியாயம். ஆனால் சிவப்புத் தரையில் காவிக்கரை மங்கலாகத்தான் தெரியும். வெளியோரத்தில் மட்டும் ஈரக்காவியை இரண்டு பூச்சாக, தரையைவிட அழுத்தமாகக் கட்டினோம். இதை வெறும் அலங்காரமாக நினைக்கக்கூடாது. துக்க வீட்டிலும் திதி நாளிலும் வாசலில் கோலம் போடாத வழக்கம் நம்முடையது. படத்துக்கு மாலை போட்டு முன்னால் விளக்கேற்றி வைத்தால், பார்க்கிறவர்கள் "எப்போ?" என்று போன் போட்டுக் கேட்பார்கள். உயிரோடு இருப்பவரின் முகத்துக்கு மாலையும் விளக்கும் வேண்டாம். கோலமும் காவியுமே மங்கலம் சொல்லிவிடும். வேண்டுமானால் வெளியே ஒரு பக்கம் பொங்கல் பானையும் மஞ்சள்கொத்தும் வைக்கலாம்.

எல்லோர் வீட்டிலும் இந்தத் தரை இருக்காது. சாம்பல்நிற சிமென்ட் தரையில் இதே முறையை அப்படியே செய்தால் முகம் பிணம் போல வெளிறித் தெரியும். நடுச்சாயல் சாம்பலாகிவிடுவதே காரணம். அங்கே நடுவட்டத்துக்கு மட்டும் காவியைக் கரைத்துப் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு வரையவேண்டும். ஈரத்தில் காவி இருண்டு காட்டும், அதை நம்பி வெள்ளையைக் கூட்டிவிடுவோம். தவிர ஈரத்தில் விழுந்த மாவு பதத்துப்போகும். சொரசொரப்பான சிமென்டில் மாவு குழிகளுக்குள் இறங்குவதால் கோடு விட்டுவிட்டுத் தெரியும். முகத்தை இன்னும் பெரிதாகப் போடுவதைத் தவிர அதற்கு வழியில்லை. டைல்ஸ் என்றால் இணைப்புக்கோடு கண்ணுக்குக் குறுக்கே போகாதபடி இடம் பாருங்கள். மொசைக்கில் மட்டும் முகம் வேண்டாம். அதன் கறுப்பு வெள்ளைச் சில்லுகளுக்கு நடுவே விழி எது சில்லு எது என்று போட்டவருக்கே தெரியாது.

படம் எடுப்பதில் கடைசிக் கோளாறு. பக்கவாட்டில் நின்று சாய்த்து எடுத்தால் வட்டம் முட்டையாகும், முகமும் நசுங்கும். செல்பேசி தரைக்கு நேர் மேலே, மட்டமாக இருக்கவேண்டும். மூன்றரை அடிக் கோலத்துக்குச் சாதாரண லென்ஸில் நாலரை அடி உயரம் போதும். ஓரத்தில் நின்று நெஞ்சுயரத்தில் கையை நீட்டினாலே வந்துவிடும். அகலக்கோண லென்ஸ் வேண்டாம், ஓரத்து இழைகளை இழுத்துவிடும். ஃபிளாஷ் அடித்தால் மெருகுத் தரையில் முகத்தின் நடுவிலேயே ஒரு வெள்ளைப் பொட்டு விழும். காலை எட்டு மணிக்கு ஜன்னலோ வாசற்கதவோ ஒரு பக்கமாகத் தரும் வெளிச்சத்தில் மாவின் மேடு நிழல் விட்டு, இழை புடைத்துத் தெரியும். புகைப்படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்ததோ, கூடத்திலும் அதே பக்கமிருந்து வருமாறு முகத்தைத் திருப்பிப் போட்டிருந்தால் இரண்டும் ஒத்துப்போகும். எதிரெதிராக இருந்தால் காரணம் புரியாமலே படம் உறுத்தும்.

எடுத்த பின் நிறத்தைப் பளிச்சென்று ஆக்கும் ஃபில்டரைத் தொடவேண்டாம். தரை செக்கச்செவேலென்று ஆகும், அதோடு பெரியம்மாவின் கன்னமும். வாட்ஸப் முகப்புப் படமாக வைக்கிறவர்களுக்கு, அது வட்டமாக வெட்டப்படும்போது கீழே எழுதிய வாழ்த்து போய்விடும் என்பதால், எழுத்தோடு ஒன்றும் எழுத்தில்லாமல் ஒன்றுமாக இரண்டு படம் எடுத்துக்கொள்ளலாம்.