மாவு புளிப்பது வேறு, பொங்குவது வேறு... தெரியுமா?

ராத்திரி பத்து மணிக்குக் குண்டானில் பாதி அளவுதான் இருந்தது இட்லி மாவு. காலையில் எழுந்து பார்த்தால் மூடியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது! ஈஸ்ட் போடவில்லை, சோடா மாவு போடவில்லை. அரிசி, உளுந்து, தண்ணீர், உப்பு அவ்வளவுதான். "நல்லா புளிச்சுப் பொங்கியிருக்கு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு இட்லித் தட்டை எடுக்கிறோம். ஆனால் புளிப்பதும் பொங்குவதும் ஒரே வேலை இல்லை தெரியுமா? ஒன்று நடந்து மற்றொன்று நடக்காமலே போகலாம். பொங்காமல் புளித்த மாவைப் பார்க்காத வீடு உண்டா!

இதைப் பிரித்துக் காட்டியது எங்கே தெரியுமா? அமெரிக்காவில்! 1965-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முகர்ஜி, ஸ்டைன்கிராஸ் ஆகியோர் அடங்கிய குழு இட்லி மாவில் வளரும் பாக்டீரியாக்களை ஆராய்ந்து, மாவைப் பொங்க வைப்பதில் முக்கியப் பங்கு யாருக்கு என்று கண்டுபிடித்தது. பெயர் கொஞ்சம் நீளம்: லியூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ். ஜெர்மானியர்களின் புளித்த முட்டைக்கோஸிலும் கொரியர்களின் கிம்ச்சியிலும் முதலில் வேலையைத் தொடங்குவது இதே பாக்டீரியாதான். மருத்துவமனையில் ரத்தத்தின் அளவைத் தூக்கிநிறுத்த நரம்பு வழியாக ஏற்றும் டெக்ஸ்ட்ரான் என்ற மருந்தையும் இதே இனத்தைக் கொண்டுதான் தயாரிக்கிறார்கள். எங்கிருந்து வந்தது இது நம் குண்டானுக்குள்? உளுந்தோடும் அரிசியோடும் ஒட்டிக்கொண்டே வந்தது! எவ்வளவு கழுவினாலும் போதிய அளவு மிஞ்சியிருக்கும். அதனால்தான் கரண்டியால் கலக்கிய மாவும் பொங்குகிறது. கையால் கலப்பதில் உள்ள நன்மை, அடியில் தங்கிய அரிசி மாவும் மேலே நிற்கும் உளுந்து மாவும் திட்டுத் திட்டாக இல்லாமல் ஒன்றாகக் கலப்பதுதான்.

இப்போது முக்கியமான இடம். மாவில் புளிப்பைத் தரும் பாக்டீரியாக்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை எடுத்து இரண்டாக உடைத்து, இரண்டையுமே லாக்டிக் அமிலமாக்கிவிடும். புளிப்பு மட்டும்தான், காற்று ஒரு துளி கிடையாது. இன்னொரு வகை அதே குளுக்கோஸிலிருந்து ஒரு லாக்டிக் அமிலம், ஒரு கரியமில வாயு, கொஞ்சம் ஆல்கஹால் அல்லது அசிட்டிக் அமிலம் என்று மூன்றாகப் பிரிக்கும். நம் லியூக்கோனாஸ்டாக் இந்த இரண்டாம் வகை. மாவுக்குள் எந்த வகையின் கை ஓங்குகிறதோ அதைப் பொறுத்துத்தான் காலையில் பூ போன்ற இட்லியா, கல் போன்ற இட்லியா என்பது முடிவாகிறது!

ஒரு லிட்டர் மாவு இரண்டு லிட்டராக உயர எவ்வளவு சர்க்கரை செலவாகும் தெரியுமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 180 கிராம் குளுக்கோஸிலிருந்து இந்தப் பாக்டீரியா 44 கிராம் கரியமில வாயு தரும். 30 டிகிரி வெப்பத்தில் அது சுமார் 25 லிட்டர் இடத்தை அடைக்கும். அப்படியானால் ஒரு லிட்டர் வாயுவுக்கு 7 கிராம் போதும், ஒன்றரை டீஸ்பூன்! மாவிலுள்ள தண்ணீரில் கரைவதும் மேலே தப்பிப்போவதும் தனிக்கணக்கு. அதற்கு இன்னும் சில கிராம் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் மாவு இரண்டு லிட்டராவதற்கு இவ்வளவுதான் செலவு என்பதை முதலில் என்னால் நம்பவே முடியவில்லை.

ஆனால் வாயு உண்டானால் போதுமா? சோடா பாட்டிலைத் திறந்தால் வாயு ஓடிப்போகிறதே, மாவில் மட்டும் எப்படி நிற்கிறது? இங்கேதான் உளுந்து வருகிறது. மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் சுசீலம்மாவும் ராவும் 1970-களில் உளுந்தைப் பிரித்துப் பிரித்து ஆராய்ந்தார்கள். உளுந்தில் உள்ள ஒரு புரதம் சோப்பு நுரையைப் போலக் குமிழியைச் சுற்றி மெல்லிய சவ்வு கட்டுகிறது. அரபினோகேலக்டன் என்ற கொழகொழப்பான சர்க்கரைச் சங்கிலி அந்தச் சவ்வு உடையாமல் தாங்குகிறது. இரண்டும் ஒரே பருப்பில்! பாசிப்பருப்பிலும் கடலைப்பருப்பிலும் இந்த வழவழப்பு இல்லை. அதனால்தான் உளுந்தின் இடத்தை அவற்றால் பிடிக்க முடிவதில்லை.

இன்னொன்று. கரியமில வாயு தானாகப் புதுக் குமிழி போடுவது மிகவும் கடினம். ஏற்கெனவே இருக்கும் குட்டிக் காற்றுக் குமிழிகளுக்குள் புகுந்துதான் அவற்றை ஊத வைக்கும். அந்தக் குட்டிக் குமிழிகளைப் போடுவது யார்? கிரைண்டர்! தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து உளுந்தைப் 'பொங்கப் பொங்க' அரைக்கச் சொல்வார்களே, அந்த அரைமணி நேரத்தில்தான் மறுநாள் இட்லியின் ஒவ்வொரு துளைக்கும் இடம் போடப்படுகிறது. ஒரு கிண்ணம் தண்ணீரில் உளுந்து மாவைக் கிள்ளிப் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் காற்று ஏறவில்லை, இன்னும் அரைக்க வேண்டும்.

சரி, வெப்பநிலைக்கு வருவோம். லியூக்கோனாஸ்டாக்குக்குப் பிடித்தது 20 முதல் 30 டிகிரி வரை. 40-ஐ நெருங்கினால் தளர்ந்துவிடும். ஆனால் அதே சூட்டில் வாயு தராமல் அமிலம் மட்டும் தரும் வகையில் சில செழித்து வளரும். பெடியோகாக்கஸிலும் எண்டரோகாக்கஸிலும் அப்படிப்பட்டவை உண்டு. சூட்டில் மாவும் இளகி, கொஞ்சநஞ்சம் உண்டான வாயுவையும் விட்டுவிடும். புளித்தும் பொங்காத மாவுக்கு இது முக்கியமான காரணம். குளிரிலோ எல்லோரும் மெதுவாகிவிடுவார்கள். தோராயமாகச் சொன்னால் 10 டிகிரி குறைந்தால் வேலைக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும். 30 டிகிரியில் 9 மணி நேரம் ஆகும் மாவுக்கு 20 டிகிரியில் 18 மணி நேரம்!

இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட என் அக்காவிடம் கற்றதே அதிகம். அக்கா கல்யாணமாகிக் குன்னூர் போனாள். சென்னையில் எங்கள் வீட்டுக்கு வாங்கும் அதே இட்லி அரிசி, அதே உளுந்து, நாலுக்கு ஒன்று என்ற அதே அளவு. டிசம்பரில் ஃபோன் செய்தாள்: "விடிஞ்சு பார்த்தா மாவு வெச்ச மாதிரியே கிடக்குடா, ஒரு குமிழி இல்ல." ஒரு தெர்மாமீட்டர் வாங்கி மாவுக்குள் வைத்துப் பார்க்கச் சொன்னேன். 14 டிகிரி! குழாய்த் தண்ணீரே சில்லென்று வருகிறது, அதில் ஊறி அதில் அரைத்த மாவு, பிறகு குளிர்ந்த சமையலறை. மேலே சொன்ன கணக்குப்படி பார்த்தாலே ஒரு நாளைக்கும் மேல் ஆகும்.

அவள் பொறுப்பாளா? மறுதடவை கொதிக்கிற தண்ணீர் நிறைந்த அண்டாவுக்குள் மாவுக் குண்டானை இறக்கி வைத்துவிட்டாள். காலையில் பார்த்தால் ஓரத்து மாவு களி போல வெந்து ஒட்டியிருக்கிறது, நடுவில் தண்ணீராக இளகிப் புளிப்பு நாறுகிறது. முதல் தடவை குளிர் வேலையை நிறுத்தியது. இரண்டாம் தடவை சூடு வேலையைத் தவறான ஆட்களிடம் கொடுத்துவிட்டது.

மூன்றாம் தடவை இரண்டே மாற்றம். அரைக்கும்போது குளிர்ந்த தண்ணீருக்குப் பதில் வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்தாள். நாலு லிட்டர் மாவு ஒருமுறை குளிர்ந்துவிட்டால் மறுபடி சூடேறவே பல மணி நேரம் பிடிக்கும், அதனால் தொடக்கத்திலேயே 28 டிகிரியில் இருப்பது நல்லது. பிறகு மீன் வாங்கி வரும் தெர்மாகோல் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, உள்ளே குண்டானையும் பக்கத்தில் கை பொறுக்கும் சூட்டில் இரண்டு பாட்டில் தண்ணீரையும் வைத்து மூடினாள். படுக்கப் போகும்முன் ஒருமுறை பாட்டில் தண்ணீரை மாற்றினாள். 12 மணி நேரத்தில் மாவு இரண்டு மடங்கு! சென்னை மே மாதத்தில் நாங்கள் செய்வது இதற்கு நேர் தலைகீழ். அரைக்கும்போதே மாவு சூடேறிவிடும், மிக்ஸியில் இன்னும் வேகமாக ஏறும். அதனால் ஃபிரிட்ஜ் தண்ணீர் தெளித்து அரைக்கிறோம், ஆறேழு மணி நேரத்தில் எடுத்து உள்ளே வைத்துவிடுகிறோம்.

எப்போது எடுப்பது என்று மாவே சொல்லும். நடுப்பகுதி லேசாக மேடு கட்டி, கரண்டியால் விலக்கினால் உள்ளே தேனடை போலத் துளைகள் தெரிந்தால் அதுதான் உச்சம். அப்படியே தட்டில் ஊற்றி ஆவியில் வைத்தால், 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது குமிழிக்குள் இருக்கும் வாயு மட்டுமே கிட்டத்தட்ட கால் பங்கு விரியும். நீராவியும் உள்ளே சேரும். விரிந்த நிலையிலேயே மாவுச்சத்து வெந்து இறுகிவிடுகிறது. மாறாக, பாத்திரத்தின் சுவரில் மாவு ஏறிய கோடு தெரிந்து, மாவு அதற்குக் கீழே இறங்கியிருந்தால் உச்சம் கடந்துவிட்டது. குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உடைந்திருக்கின்றன. கெட்டுப்போகவில்லை, இட்லி மட்டும் தட்டையாக வரும். இளஞ்சிவப்பாகவோ கருப்பாகவோ புள்ளி, பஞ்சு போலப் பூசணம், அழுகல் வாடை என்றால் மேலே வழித்துவிட்டுப் பயன்படுத்தக் கூடாது, முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

ஃபிரிட்ஜில் வைத்த மாவு ஏன் மறுநாளே அமுங்கியிருக்கிறது தெரியுமா? குளிரில் வாயு சுருங்குகிறது. குளிர்ந்த தண்ணீரில் கரியமில வாயு அதிகம் கரைவதால் கொஞ்சம் வாயு குமிழியை விட்டுத் தண்ணீருக்குள்ளேயே திரும்பிவிடுகிறது! கிம்ச்சிக் குடுவையில் குளிரைத் தாங்கிப் பழகிய இனம் அல்லவா, ஃபிரிட்ஜுக்குள்ளும் லியூக்கோனாஸ்டாக் முழுதாகத் தூங்காது. மெல்ல மெல்ல அமிலம் சேர்த்துக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் முதல் இரண்டு நாள் இட்லி, மூன்றாம் நாள் தோசை. நாலாம் நாள் மாவில் நுரை போய்ப் புளிப்பு மட்டும்தான் மிஞ்சும். அதற்குப் பொங்கத் தேவையில்லாத ஊத்தப்பம்தான் சரி, சின்ன வெங்காயத்தைக் கொஞ்சம் தாராளமாகத் தூவி.