நம்பர் பிளேட் ஏறும் முன்பே காரைப் பாருங்கள்

டிசம்பர் 31 நெருங்குகிறது. பழைய ஆண்டு ஸ்டாக்கைத் தீர்க்க ஷோரூம்கள் தள்ளுபடியைக் கூட்டுகின்றன. ஜனவரியில் விலை ஏறும் என்று போன் மேல் போன் வருகிறது. ஆனால் இது மார்கழி. புது வண்டியை இந்த மாதத்தில் வீட்டு வாசலுக்குக் கொண்டுவரப் பலருக்கு மனம் வராது. அதற்கும் ஒரு வழி சொல்கிறார்கள்: பில்லும் ரிஜிஸ்ட்ரேஷனும் இப்போதே முடியட்டும், வண்டியைத் தை பிறந்ததும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதித்துவிட்டு எழுதும் வாசகர்களின் கடிதங்களில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ‘பி.டி.ஐ. முடிந்துவிட்டது என்கிறார்களே, இனி நான் பார்க்க என்ன இருக்கிறது?’ என்பது ஒன்று. ‘டெலிவரி அன்று பார்த்துக்கொண்டால் போதாதா?’ என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்குப் பதில் எளிது. டீலர் செய்யும் பி.டி.ஐ. என்பது டீலரின் மெக்கானிக், டீலரின் சரக்குக்கு, டீலரின் தாளில் போடும் டிக். லாரிப் பயணத்துக்காகக் கூடுதலாக அடைத்த டயர் காற்றைக் குறைப்பது, இறங்கிய பேட்டரியைச் சார்ஜ் செய்வது, ஆயில் அளவு பார்ப்பது, பாதுகாப்புத் தாள்களை உரிப்பது எல்லாம் அதில் அடங்கும். தேவையான வேலைதான். ஆனால் லாரியிலிருந்து இறக்கும்போது இடித்த கதவைப் பட்டறையில் சரிசெய்து பெயின்ட் அடித்திருந்தால், அதை வாங்குபவரிடம் சொல்லும் சான்றிதழ் அல்ல அது.

இரண்டாவது கேள்விதான் நின்று பார்க்க வேண்டியது.

2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. புது வண்டிக்கான பதிவு விண்ணப்பத்தை இனி டீலரே போட வேண்டும். டீலரிடம் வாங்கிய வண்டியை முதல் பதிவுக்காக ஆர்.டி.ஓ. முன் கொண்டுபோய் நிறுத்தத் தேவையில்லை. அதோடு இன்னொரு நிபந்தனையும் வந்தது: அப்படிப் பதிவாகும் வண்டியில் பதிவு எண்ணைப் பொருத்தாமல் உரிமையாளரிடம் ஒப்படைக்கக் கூடாது. மக்களின் அலைச்சல் குறையும் என்றார்கள், குறையத்தான் செய்கிறது. ஆனால் விளைவைக் கவனியுங்கள். சாவி கைக்கு வரும் நாளில் வண்டி ஏற்கெனவே உங்கள் பெயரில் பதிவாகி, இன்ஷூரன்ஸும் போடப்பட்டு, உங்கள் எண்ணோடு நிற்கிறது. பதிவு அலுவலகத்தில் யாரும் அதைக் கண்ணால் பார்த்திருக்கத் தேவையில்லை. நீங்களும் பார்க்கவில்லை.

மாலையும் எலுமிச்சையுமாக நிற்கும் அந்த வண்டியில் குறை தெரிந்தால் ‘வேறு வண்டி கொடுங்கள்’ என்று கேட்பது இப்போது வேறு மாதிரிப் பேச்சாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி 13 சதவீதம். 8 லட்ச ரூபாய்க் காருக்கு 1,04,000 ரூபாய். அது அந்த சேஸிஸ் எண்ணின் பெயரில் கட்டியாகிவிட்டது. வேறு வண்டி என்றால் பதிவை ரத்து செய்து, வரியை மீட்டு, இன்ஷூரன்ஸை மாற்ற வேண்டும். எந்த டீலரும் அதற்கு எளிதில் இறங்கிவர மாட்டார். ‘பாலிஷ் போட்டுத் தருகிறோம் சார்’ என்பதோடு பேச்சு முடியும். நேற்று வரை அது யார்டில் நிற்கும் பல வண்டிகளில் ஒன்று. எளிதாக மாற்றித் தந்திருக்கலாம்.

ஆகவே பார்க்க வேண்டிய நாள் டெலிவரி நாள் அல்ல. உங்களுக்கு ஒதுக்கிய சேஸிஸ் எண்ணை மெயிலில் எழுதி வாங்கி, மீதிப் பணம் கட்டும் முன்பே, வங்கி கடன் தொகையை டீலருக்கு அனுப்பும் முன்பே, யார்டுக்குப் போய்ப் பாருங்கள். ‘யார்டில் அனுமதி இல்லை’ என்பார்கள். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. வாங்குபவர் கேட்டால், சரக்கைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்பை விற்பவர் தர வேண்டும் என்கிறது அதன் 41-வது பிரிவு. யார்டில் முடியாதென்றால் வண்டியை ஷோரூமுக்குக் கொண்டுவரச் சொல்லலாம்.

பகல் வெளிச்சத்தில், கழுவித் துடைத்து ஈரம் காய்ந்த வண்டியைப் பாருங்கள். முதலில் உடலில் பொறித்த சேஸிஸ் எண்ணும் மெயிலில் வந்த எண்ணும் ஒன்றா? அடுத்து டயர். பக்கவாட்டில் சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்: 2325 என்றால் 2025-இன் 23-வது வாரம். இந்த வார எண் வண்டி தயாரான மாதத்துக்குச் சற்று முன்னதாக இருப்பது இயல்பு. ஒரு டயர் மட்டும் வண்டியைவிடப் புதிதாக இருந்தால் அது ஏன் மாற்றப்பட்டது என்று கேளுங்கள்.

பிறகு போனட்டைத் திறந்து கீல் போல்ட்டுகளுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோங்கள். பெரும்பாலான ஆலைகளில் போனட்டை உடலில் பொருத்திய பிறகே பெயின்ட் அடிக்கிறார்கள். அதனால் போல்ட்டின் தலையும் வண்டியின் நிறத்திலேயே இருக்கும். பிறகு ஸ்பேனர் பட்டிருந்தால் ஆறு மூலைகளில் பெயின்ட் உதிர்ந்து இரும்பு தெரியும். இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிடுங்கள். கீறல் மட்டுமே ஆதாரம் ஆகாது, ஆலையிலேயே சரிசெய்திருக்கலாம். ஆனால் அதே பக்கத்துக் கதவின் ரப்பர் பீடிங்கிலும் பெயின்ட் தூவல் படிந்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

சென்னையில் இன்னொன்றும் உண்டு. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களுக்குப் பிறகு, மழைக்காலத்தில் யார்டில் நின்ற வண்டியின் சீட் பெல்ட்டை அடி வரை இழுத்துப் பார்ப்பது நல்லது. மேட்டைக் கழுவிவிடலாம்; பெல்ட்டின் சுருளுக்குள் படிந்த சேற்றுக் கோடு லேசில் போகாது.

இவற்றைப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கோவாவில் நடந்த வழக்கு ஒன்றே போதும். 2011 மாடலுக்குப் பணம் கட்டிய ஒருவருக்கு 2009-இல் தயாரான இண்டிகோ கார் வந்தது. அது ஏற்கெனவே 622 கிலோமீட்டர் ஓடியிருந்தது, அடிப்பாகத்தில் துரு. மாவட்ட மன்றம் முதல் தேசிய ஆணையம் வரை அவர் வென்றார். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் டீலரின் பொறுப்பை அப்படியே வைத்தது. ஆனால் டாடா மோட்டார்ஸை விடுவித்தது: டீலர் செய்தது தயாரிப்பாளருக்குத் தெரியும் என்று நிரூபிக்கப்படவில்லை என்பதே காரணம். பெரிய கம்பெனியின் பெயரை நம்பித்தான் வாங்குகிறோம். டீலர் தவறு செய்தால் அந்தப் பெயர் தானாகத் துணைக்கு வராது. ஓடோமீட்டரும் அடிப்பாகமும் சில நிமிடங்களில் பார்க்கக்கூடியவை; அந்த வழக்கு சுமார் பத்து ஆண்டுகள் ஓடியது.

கடைசியில் கையெழுத்து. புக்கிங் அன்றே நீட்டும் தாள் கட்டில் படிவம் 20 இருக்கும். அதுதான் பதிவு விண்ணப்பம். வண்டியைப் பார்க்கும் வரை அதில் கையெழுத்து வேண்டாம். படிவம் 21 விற்பனைச் சான்று; தயாரான மாதமும் ஆண்டும் அதில் உண்டு. டெலிவரி நாளில் வரும் ‘பரிசோதித்து, திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில் கையெழுத்திட்டால் வண்டியை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். குறை இருந்தால் அதே தாளில் கையால் எழுதி, அதன் கீழே கையெழுத்திட்டு, நகல் வாங்குங்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

மெக்கானிக்கைக் கூட்டிப் போகலாமா? போகலாம், தடுக்கும் சட்டம் இல்லை.

டீலர் தரும் இன்ஷூரன்ஸையே எடுக்க வேண்டுமா? வேண்டாம், வெளியிலும் எடுக்கலாம்.

பில் இப்போது, வண்டி தையில் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டதே? இந்த வாரமே போய்ப் பார்த்துப் படம் எடுங்கள், தையில் திரும்ப ஒப்பிடுங்கள்.

டெலிவரிக்குப் பிறகு குறை தெரிந்தால்? அன்றே டீலருக்கு எழுத்தில் சொல்லுங்கள், தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு.