செவியும் கிவியும்: மொழி உறவை மரமாக வரைவதும் அலையாக வரைவதும்

பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த இடம். அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தால் தமிழும் மலையாளமும் தெலுங்கும் ஒரே தெருவில் காதில் விழும். இம்மூன்று மொழிகளைப் பேசியோரும் தோட்டங்களில் ஒருங்கே வாழ்ந்த வரலாறு நம் நாட்டுக்கு உண்டு. ஆகவே, "தெலுங்கு தமிழுக்கு என்ன உறவு? கன்னடத்தைவிட நெருக்கமா, தூரமா?" என்னும் வினாவை நம் மாணவர்கள் நூலில் படிக்கும் முன்னரே வீட்டிலோ அண்டை வீட்டிலோ கேட்டிருப்பர். அவ்வினாவுக்கு விடை காண மொழியியலில் இரண்டு படங்கள் உண்டு. ஒன்று மரம்; மற்றொன்று அலை. இவ்விரண்டும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதைச் 'செவி' என்னும் ஒரே சொல்லைக் கொண்டு இங்கே ஆராய்வோம்.

முதலில் மரம். செர்மானிய அறிஞர் அகஸ்ட் ஷ்லைகர் 1853-இல் இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் உறவைக் கிளைத்து விரியும் மரமாக வரைந்து காட்டினார். அடிமரம் மூலமொழி, கிளைகள் அதன் வழித்தோன்றல்கள். ஒரு கிளை பிரிந்த பிறகு அது தன் வழியே வளரும். மற்றக் கிளையோடு மீண்டும் கலவாது என்பதே இப்படத்தின் உள்ளார்ந்த கொள்கை. அவருடைய மாணவரான யோகன்னஸ் ஷ்மிட் 1872-இல் இதை மறுத்தார். பால்டிக்-ஸ்லாவிய மொழிகள் சில கூறுகளில் இந்தோ-இரானிய மொழிகளோடும், வேறு சில கூறுகளில் செர்மானிய மொழிகளோடும் ஒத்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஒரு கிளை ஒரே சமயத்தில் இரண்டு திசைகளில் ஒட்டியிருக்க இயலாது. எனவே, குளத்தில் எறிந்த கல்லைச் சுற்றி வட்டங்கள் விரிவதுபோல, ஒரு மாற்றம் ஓரிடத்தில் தோன்றி அண்டைப் பேச்சுவழக்குகளுக்குப் பரவுகிறது என்றும், ஒவ்வொரு மாற்றத்தின் வட்டமும் வெவ்வேறு எல்லையில் நிற்கிறது என்றும் அவர் விளக்கினார்.

இனி நம் சொல்லுக்கு வருவோம். தமிழில் 'செவி', மலையாளத்திலும் தெலுங்கிலும் 'செவி'. கன்னடத்திலோ 'கிவி'. துளுவில் 'கெபி', நீலகிரியில் வழங்கும் கோத்தர் மொழியில் 'கெவ்'. தமிழில் 'செய்' என்பது தெலுங்கில் 'சேயு'. பழைய கன்னடத்தில் 'கெய்'. தமிழில் 'சிறு' என்பது கன்னடத்தில் 'கிறு'. (தெலுங்கிலும் மலையாளத்திலும் இச்சகரம் 'பச்சை' என்பதில் உள்ள சகரம்போல ஒலிக்கும்.) இந்தப் பட்டியலை மட்டும் பார்க்கும் மாணவர் தமிழும் தெலுங்கும் உடன்பிறப்புகள், கன்னடம் ஒன்றுவிட்ட உறவு என்று முடிவுகட்டக்கூடும். அம்முடிவு பிழை. எங்கே பிழை நேர்கிறது என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

முதற்படி, ககரம் முந்தியதா, சகரம் முந்தியதா என அறிவது. தமிழ்ச் சொல்லே பழையது, கன்னடம் அதைத் திரித்தது என்று எண்ணுவது நமக்கு இயல்பாகத் தோன்றலாம். ஆனால் வேறு சில சொற்களை அருகில் வைத்துப் பாருங்கள். தமிழில் 'சேர்' என்பது கன்னடத்தில் 'ஸேரு'. தமிழில் 'சிக்கு' என்பது கன்னடத்தில் 'ஸிக்கு'. அதாவது, தமிழில் ஒரே சகரமாக உள்ள இடத்தில் கன்னடம் சில சொற்களில் ககரத்தையும் வேறு சில சொற்களில் ஸகரத்தையும் காட்டுகிறது. தமிழே மூலம் என்று கொண்டால், எந்தச் சகரத்தைக் ககரமாக்குவது, எதை ஸகரமாக்குவது என்று கன்னடம் எப்படித் தெரிந்துகொண்டிருக்கும்? இகர எகரங்களுக்கு முன் என்னும் சூழல் இரண்டிலும் ஒன்றுதான். எனவே மூலத்தில் இரண்டு ஒலிகள் இருந்தன. கன்னடம் அவற்றைப் பிரித்தே வைத்துக்கொண்டது. தமிழ் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. கலந்த பாலையும் நீரையும் பிரிக்க முடியாததுபோல, ஒன்றிய ஒலிகளை மீண்டும் அதே வரிசையில் பிரிக்க முடியாது. ஆகவே இவ்வொரு கூற்றில் பழமையைக் காத்தது கன்னடம், மாறியது தமிழ். 'கிவி' தமிழ்ச் 'செவி'யிலிருந்து பிறந்தது அன்று. இரண்டும் அவற்றுக்கு முந்திய ஒரு மூலத்திலிருந்து வந்தவை. தமிழிலிருந்தே பிற திராவிட மொழிகள் யாவும் பிறந்தன என்ற கூற்றை வகுப்பில் யாரேனும் சொன்னால், அதைச் சோதிக்க இந்த ஒரு சொற்பட்டியலே போதும்.

இரண்டாம்படி, எந்த ஒற்றுமை உறவுக்குச் சான்றாகும் என்பது. கன்னடமும் துளுவும் கோத்தரும் ககரத்தை வைத்திருப்பது அவை மூன்றும் தனிக் கிளை என்பதற்குச் சான்று ஆகாது. பாட்டன் வீட்டுப் பழம்பொருளைப் பேரர் பலரும் தனித்தனியே காத்துவைத்திருக்கலாம். சேர்ந்து புதிதாகச் செய்த மாற்றமே கிளைக்குச் சான்று. அப்படியானால், ககரத்தைச் சகரமாக்கிய தமிழும் தெலுங்கும் ஒரே கிளை ஆகாவா?

மற்ற மாற்றங்கள் அதற்கு இடம் தரவில்லை. தமிழில் 'அவர்' என்பது தெலுங்கில் 'வாரு'. 'உரல்' என்பது 'ரோலு'. சொல்லின் முதல் உயிர் இடம்பெயர்ந்து மெய்க்குப் பின்னால் சென்று நீண்டிருக்கிறது. இத்தகைய இடப்பெயர்ச்சி தெலுங்கோடு கோண்டி, கொண்டா, கூய், கூவி முதலிய மொழிகளிலும் உண்டு; 'அவன்' என்பதற்குத் தெலுங்கில் 'வாடு' என்றால் கொண்டாவில் 'வான்ரு'. இவற்றையும் பிற இலக்கணக் கூறுகளையும் கொண்டே தெலுங்கை அம்மொழிகளோடு தென்-நடுத் திராவிடக் கிளையில் வைக்கின்றனர். தமிழ், மலையாளம், கோத்தர், கன்னடம், துளு ஆகியவை தென்திராவிடக் கிளையில் அடங்கும். இப்பொழுது இந்த மரத்தின்மேல் 'செவி'யைப் பொருத்திப் பாருங்கள். தெலுங்கின் சொந்த உடன்பிறப்பாகிய கோண்டியில் காது என்பது 'கெவி'. அங்கே ககரம் மாறவில்லை. தமிழின் உடன்பிறப்புகளாகிய கோத்தரிலும் கன்னடத்திலும் மாறவில்லை. எனவே தெலுங்கில் இம்மாற்றம் கோண்டியைப் பிரிந்த பிறகே நிகழ்ந்தது. தமிழில் கன்னடத்தையும் கோத்தரையும் பிரிந்த பிறகு, மலையாளம் தனியே பிரியும் முன் நிகழ்ந்தது. சங்க நூல்களில் 'செவி', 'சிறு' என்னும் வடிவங்களே காணப்படுவதால், தமிழில் அது மிகப் பழங்காலத்திலேயே முடிந்துவிட்டது என்பதும் தெளிவு.

இரண்டு கிளைகளின் நுனிகள் ஒரே நிறம் பெற்றிருக்கின்றன. இடையிலுள்ள கிளைப்பகுதி பழைய நிறத்திலேயே இருக்கிறது. இதை மரத்தால் விளக்க முடியாது. நிலப்படத்தை விரித்தால் விளக்கம் கிடைக்கக்கூடும். தமிழும் தெலுங்கும் எல்லையை ஒட்டியவை. மாறாத கன்னடம், துளு, கோத்தர் ஆகியன மேற்கே உள்ளன. மாறிய மொழிகளைச் சுற்றி ஒரு கோடு வரைந்தால், அது கிளை எல்லையை வெட்டிக்கொண்டு கிழக்கும் தெற்குமாக ஒரு தொடர்ந்த நிலப்பரப்பைச் சூழும். ஷ்மிட் சொன்ன அலையின் சாயல் இதுவே.

இங்கே மூன்றாம்படி தேவைப்படுகிறது. அது, மாற்றத்தின் நிபந்தனையை ஒப்பிடுவது. தமிழில் 'கெடு', 'கிளி', 'கிழி', 'கேள்' ஆகியவை சகரமாகவில்லை. உயிருக்கு அடுத்து ட, ள, ழ போன்ற நாவளை ஒலி வந்தால் தமிழ் ககரத்தை விட்டுவைத்தது. ('கீரை' போன்று வேறு சில விலக்குகளும் உண்டு.) தெலுங்குக்கு இந்தத் தடை இல்லை. தமிழ்க் 'கெடு' அங்கே 'செடு'. 'கிளி' அங்கே 'சிலுக'. ஒரே மாற்றம் எனத் தோன்றியது உண்மையில் இரண்டு வெவ்வேறு விதிகளால் இயங்கியிருக்கிறது. ஓர் அலை எல்லை கடந்தபின் தன் நிபந்தனையைத் தளர்த்திக்கொண்டது என்றும் கொள்ளலாம். இகர எகரங்களுக்கு முன் ககரம் சகரமாவது உலகின் பல மொழிகளில் தானாகவே நிகழ்வதால், தமிழும் தெலுங்கும் தனித்தனியே அடைந்த மாற்றம் என்றும் கொள்ளலாம். ஒலி ஒற்றுமை மட்டுமே இவ்விரண்டுள் எது என்று தீர்ப்புச் சொல்லாது. அலை மாதிரியைக் கையாள்வோர் அடிக்கடி வழுக்கும் இடம் இது. படத்தில் அடுத்தடுத்து இருப்பதாலேயே பரவல் என்று கூறிவிடுகின்றனர். எளிதில் நேரும் மாற்றத்தைக் காட்டிலும் அரிதான மாற்றமும், ஒரே நிபந்தனையும், ஒரே விலக்குச் சொற்களும் இருந்தால்தான் பரவல் என்பது வலுப்பெறும்.

அலைக்கு இன்னொரு வரம்பும் உண்டு. நம் கடைத்தெருப் பலகைகளில் உள்ள மலாய்ச் சொல்லாகிய 'கெடாய்' தமிழ்க் 'கடை'யிலிருந்து சென்றது. 'கப்பல்' அங்கே 'காப்பால்' ஆனது. அதனால் மலாயும் தமிழும் உறவுமொழிகள் ஆகிவிடவில்லை. பரவல் உறவினரிடையேயும் நிகழும், உறவற்றவரிடையேயும் நிகழும். எனவே அலை மட்டும் கொண்டு குடும்பத்தை நிறுவ இயலாது. எண்களிலும் பதிலிப்பெயர்களிலும் அடிப்படை வினைகளிலும் ஒழுங்கான ஒலியொப்புமை இருப்பதைக் காட்டியே 1816-இல் எல்லிசும், 1856-இல் விரிவாகக் கால்டுவெல்லும் திராவிடக் குடும்பத்தை நிறுவினர்.

அவ்வாறாயின் மரமும் அலையும் பகைவர்களா? திராவிட ஆய்விலேயே இதற்கு விடை இருக்கிறது. மேலே கண்ட உயிரின் இடப்பெயர்ச்சியைப் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1978-இல் ஆராய்ந்தார். கோண்டி, கூய் முதலிய மொழிகளில் அது எல்லாச் சொற்களையும் ஒரே நாளில் மாற்றவில்லை. சொல்சொல்லாக, மொழிமொழியாகப் பரவிக்கொண்டிருந்தது. பின்னர் 1983-இல் அவரும் மோசஸ், டான்ஃபோர்த் ஆகியோரும் எந்தெந்தச் சொற்கள் எந்தெந்த மொழிகளில் மாறாது எஞ்சின என்று எண்ணி, அந்த எண்ணிக்கையிலிருந்தே அம்மொழிகளின் கிளைமரத்தை வரைந்தனர். அலைபோல் பரவிய மாற்றமே மரத்துக்குச் சான்றாயிற்று.

ஆகவே வகுப்பறையில் ஒரு சொல்லொற்றுமை எழுந்தால் நாம் மூன்று வினாக்களைக் கேட்போம். இது காத்த பழமையா, செய்த புதுமையா? புதுமையானால், ஒரே மொழிகளின் தொகுதியை வேறு மாற்றங்களும் சுட்டுகின்றனவா? சுட்டாவிடில், நிபந்தனையும் விலக்குகளும் ஒன்றாக உள்ளனவா? முதல் இரண்டும் மரத்தைத் தரும். மூன்றாவது அலையைச் சோதிக்கும். தெலுங்கு பேசும் அண்டை வீட்டாரின் 'செவி' நம் 'செவி'யைப் போலவே ஒலித்தாலும், கிளையில் நமக்கு நெருங்கியது கன்னடக் 'கிவி'யே என்று அப்பொழுது மாணவரே கண்டுகொள்வர்.