மணி அடித்தால் என்ன செய்வான் என் மகன்?

என் மகனுக்கு எட்டு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. மற்ற பிள்ளைகளோடு சாதாரணப் பள்ளியில்தான் படிக்கிறான். 2004-ம் ஆண்டு கும்பகோணத்தில் நடந்த பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்ததை நாம் யாரும் மறக்க முடியாது. அதனால், தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது என்று பள்ளியில் ஒத்திகை பார்ப்பது நல்ல விஷயம்தான். ஆனால், திடீரென்று அலறும் அந்த மணிச் சத்தம் என் மகன் போன்ற பிள்ளைகளுக்குப் பெரிய சோதனை. முதல் ஒத்திகையில் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் புகுந்தவன், எல்லோரும் திரும்பி வந்த பிறகும் வெளியே வரவில்லையாம். நிஜமாகவே தீப்பிடித்திருந்தால்? நினைக்கும்போதே வயிற்றைக் கலக்கியது.

அவனுக்குப் பயிற்சி தரும் சிறப்பு ஆசிரியை, "சமூகக் கதை எழுதிப் படிச்சுக் காட்டலாம்மா" என்றார். கரோல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. கதை என்று பெயரே தவிர, ராஜாவும் கிடையாது, ராணியும் கிடையாது. என்ன நடக்கும், ஏன் நடக்கும், நான் என்ன செய்யலாம் என்று பிள்ளையே சொல்வது போல எழுதுவதுதான். நாங்கள் எழுதியது இதோ:

"எங்கள் பள்ளியில் சில நாட்களில் தீ ஒத்திகை நடக்கும். ஒத்திகை என்றால் முன்கூட்டியே பழகிப் பார்ப்பது. அப்போது மணி சத்தமாக அடிக்கும். எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக அவ்வளவு சத்தம். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காமல் இருக்கலாம். நான் காதைப் பொத்திக்கொள்ளலாம். மணி அடித்ததும் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்துவார்கள். பையும் டிபன் பாக்ஸும் வகுப்பிலேயே இருக்கும். நான் டீச்சர் பக்கத்தில் வரிசையில் நடக்க முயற்சி செய்வேன். டீச்சர் காட்டும் இடத்தில் எல்லோரும் நிற்போம். டீச்சர் பெயர் கூப்பிடுவார். எல்லோரும் வந்துவிட்டார்களா என்று பார்க்கத்தான் அது. ஒத்திகை முடிந்தால் வகுப்புக்குத் திரும்புவோம். நிஜமான ஆபத்துக்கும் இதே மணி அடிக்கலாம். அப்போதும் டீச்சரோடு வெளியே போவது பாதுகாப்பு."

படிக்க எளிதாக இருந்தாலும் ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. இந்தப் பிள்ளைகள் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வார்கள். "பத்து மணிக்கு மணி அடிக்கும்" என்று எழுதி, பத்தரைக்கு அடித்தால் நிலைகுலைந்து போவார்கள். அதனால்தான் 'சில நாட்களில்', 'இருக்கலாம்' என்ற சொற்கள். வேப்பமரத்தடியில் நிற்போம் என்று எழுதலாமா என்று கேட்டேன். "அங்கே வழி இல்லாத நாளில் நகரவே மாட்டான்மா" என்றார் ஆசிரியை. பயம் போகட்டும் என்று "தீயே இருக்காது" என்றும் எழுதக் கூடாதாம். உண்மையில் புகை வந்தால் அந்த வரியே ஆபத்தாகிவிடும். 'செய்', 'செய்யாதே' என்ற கட்டளைகளும் வேண்டாம். நடப்பதை விளக்கும் வரிகள் இரண்டு இருந்தால், செய்ய வேண்டியதைச் சொல்லும் வரி ஒன்றுக்கு மேல் போகக் கூடாது.

பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரியாக ஒரு சின்ன நோட்டில் எழுதி, அவன் பள்ளியின் படிக்கட்டு, மணி, டீச்சர் போட்டோக்களை, பள்ளியில் கேட்டு வாங்கி, ஒட்டினேன். பால் குடித்துவிட்டு அமைதியாக இருக்கும் மாலை நேரத்தில் தினம் ஒரு தடவை படித்தோம். அழும்போது படித்துப் பயனில்லை. மனப்பாடமாக ஒப்பித்தால் புரிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். "மணி அடிச்சா பை எங்கே இருக்கும்?" என்று வரிசை மாற்றிக் கேட்டேன். "கிளாஸ்ல" என்று அவனாகச் சொன்ன பிறகுதான் நம்பிக்கை வந்தது.

சத்தத்தால் வரும் வேதனையைக் கதை தீர்க்காது. அதற்காக மணிச் சத்தத்தை செல்போனில் பதிவு செய்து, மிக மெல்லிய ஒலியில் வைத்தோம். பொத்தானை அழுத்துவதும் நிறுத்துவதும் அவன்தான். பல நாட்கள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். காதை மூடும் ஹெட்போன் போன்ற கவசம் ஒன்றை வகுப்பில் கைக்கெட்டும் இடத்தில் டீச்சர் வைத்திருக்கிறார்.

அடுத்த ஒத்திகையில் அழுதுகொண்டேதான் வந்தானாம். ஆனாலும் டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிவிட்டான். அன்று காலையிலேயே அவனுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அடுத்த தடவை ஐந்து நிமிடம் முன்னால் மட்டும் சொல்வதாக இருக்கிறார்கள். பிறகு சொல்லாமலே பழக்க வேண்டும். நிஜத் தீ யாரிடமும் சொல்லிவிட்டு வருவதில்லையே!

- ஒரு வாசகி, திருச்சி.