ஒரு நாடு தவறு செய்தால் ஈடு செய்வது எப்படி?

பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்றிவரும் வண்டியில் ஒரு லாரி மோதிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வண்டியைச் சரிசெய்து பழையபடி தரலாம். நசுங்கிய தக்காளிக்குப் பணம்தான் தர முடியும். பலர் முன்னால் திட்டியிருந்தால், தவறு என்னுடையது என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டும். நாடுகளுக்கு இடையிலும் இதே மூன்று வழிகள்தான்: பழைய நிலைக்கு மீட்டுத் தருதல், இழப்பீடு, மனநிறைவு அளித்தல்.

இது நம் மீனவர்களின் வழக்கிலேயே நடந்தது. 2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கடற்கரைக்கு அப்பால் 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் இருந்த கடற்படை வீரர்கள், 'செயின்ட் ஆண்டனி' என்ற மீன்பிடிப் படகை நோக்கிச் சுட்டனர். கடற்கொள்ளையர் என்று நினைத்ததாகச் சொன்னார்கள். கொல்லத்தைச் சேர்ந்த ஒருவரும், நமது கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவரும் இறந்தனர்.

அந்த ஆண்டே இத்தாலி அவர்களின் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தது. ஆனால் அது கருணைத் தொகை. அதைக் கொடுப்பவர் தவறை ஒப்புக்கொண்டதாக ஆகாது.

2020 மே 21 அன்று சர்வதேச நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. அந்த வீரர்கள் அரசுப் பணியில் இருந்ததால் இந்தியா அவர்களை விசாரிக்க முடியாது என்றது. ஆனால் இந்தியப் படகின் கடல் பயணச் சுதந்திரத்தை இத்தாலி மீறியது என்றும் சொன்னது. போன உயிரையும் உடல், மனக் காயங்களையும் படகின் சேதத்தையும் பழைய நிலைக்கு மீட்டுத் தர முடியாது. ஆகவே இழப்பீடு தர வேண்டும். இந்திய அரசின் உரிமைக்கு நேர்ந்த பாதிப்புக்கோ, மீறல் நடந்தது என்று தீர்ப்பில் அறிவித்ததே போதிய மனநிறைவு என்றது. தொகையை இரு நாடுகளும் பேசி முடிவு செய்ய விட்டது.

பேசி முடிவானது 10 கோடி ரூபாய். 2021 ஜூன் 15 அன்று, இரு குடும்பங்களுக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி என்று உச்ச நீதிமன்றம் பிரித்துத் தந்து இங்கிருந்த வழக்கை முடித்தது.

இங்கேதான் ஒரு குறை தெரிந்தது. தீர்ப்பு படகில் இருந்த மற்ற மீனவர்களின் பாதிப்பையும் சொல்லியிருந்தது. பங்கீட்டில் அவர்கள் இல்லை. அவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2022இல், உரிமையாளரின் 2 கோடியில் இருந்து ஒன்பது பேருக்குத் தலா 5 லட்சம் தர உத்தரவானது.

சர்வதேசச் சட்டத்தில் ஈடு கேட்பதும் பெறுவதும் பெரும்பாலும் நாடுதான். அந்தப் பணம் பாதிக்கப்பட்டவர் கைக்கு வருவதை நம் உள்ளூர் நீதிமன்றம்தான் உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது. பங்கீட்டில் விடுபட்டவர் தாமே முன்வந்து கேட்டால்தான் கிடைக்கும் என்பதை அந்த ஒன்பது பேர் காட்டியிருக்கிறார்கள்.