திரையில் தெரியும் பணம் யாரிடம் இருக்கிறது?

2011 ஏப்ரல் 15, வெள்ளிக்கிழமை. இணையத்தில் போக்கர் நடத்திவந்த மூன்று பெரிய நிறுவனங்கள் மீது அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்து, அவற்றின் இணைய முகவரிகளைக் கைப்பற்றியது. அவற்றில் போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட் இரண்டும்தான் முன்னணியில் இருந்தவை. சில வாரங்களுக்குள் போக்கர்ஸ்டார்ஸ் தன் அமெரிக்க வாடிக்கையாளர்களின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஃபுல் டில்ட்டில் பணம் வைத்திருந்த அமெரிக்கர்களுக்கு முதல் தவணை வந்து சேர்ந்தது 2014 பிப்ரவரி கடைசியில்.

இத்தனைக்கும் இரண்டுமே உரிமம் பெற்ற நிறுவனங்கள்தான். வித்தியாசம், வாடிக்கையாளர் பணத்தை எங்கே வைத்திருந்தார்கள் என்பதில் இருந்தது.

ஆட்டக் கணக்கில் 500 டாலர் இருப்பதாகத் திரை காட்டினால், அந்த 500 டாலர் எங்கோ நம் பெயரில் பத்திரமாகக் கிடக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது நிறுவனம் நமக்குத் தரவேண்டிய கடன், அவ்வளவுதான். வாடிக்கையாளர் பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கி, அதைச் சட்டப்படி அறக்கட்டளைச் சொத்தாக்கி வைத்திருந்தால் ஒழிய, நிறுவனம் திவாலானதும் நாமும் கடன்காரர்களின் வரிசையில் போய் நிற்க வேண்டியதுதான். அதிலும் கடைசிப் பக்கம். அடமானம் வாங்கிக் கடன் கொடுத்த வங்கி, கலைப்பு வேலையைச் செய்யும் கணக்காளர்களின் கட்டணம், ஊழியர் சம்பள பாக்கி எல்லாம் போக மிஞ்சியதில்தான் நமக்குப் பங்கு.

ஃபுல் டில்ட்டில் நடந்ததைப் பாருங்கள். 2011 மார்ச் இறுதியில் உலகெங்கும் உள்ள ஆட்டக்காரர்களுக்கு அது தரவேண்டியது சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்ததோ ஏறக்குறைய 6 கோடி. நான்கு ஆண்டுகளில் உரிமையாளர்கள் 44 கோடி டாலருக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்கிறது அரசுத் தரப்பு மனு. வந்த பணத்தைப் பங்கு பிரித்துக்கொண்டது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வராத பணத்தையும் வந்ததாக எழுதினார்கள். அமெரிக்க வங்கிகளிலிருந்து பணம் வசூலிப்பது சிக்கலாகிவிட்ட நிலையில், ஆட்டக்காரர் ‘டெபாசிட்’ பொத்தானை அழுத்தியதும் கணக்கில் வரவு வைத்துவிட்டு, வசூலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அப்படி ஏறிய வெறும் எண்கள் சுமார் 13 கோடி டாலர். அந்த எண்ணை வைத்து ஒருவர் ஆடித் தோற்றால், எதிரே ஜெயித்தவர் கேட்பது நிஜப் பணத்தை அல்லவா? பழைய ஆட்டக்காரர் கேட்கும்போதெல்லாம் புதியவர் போட்ட பணத்திலிருந்துதான் கொடுத்துவந்தார்கள். வசூல் நின்றதும் எல்லாமே நின்றது.

அந்த ஜூன் 29 அன்று, உரிமம் கொடுத்திருந்த ஆல்டர்னி தீவின் ஆணையம் அதை நிறுத்திவைத்தது. தளம் உலகம் முழுக்க மூடிக்கொண்டது. கணக்கைத் திறந்து தொகையைப் பார்க்கக்கூட வழியில்லை. கட்டுப்படுத்தும் அமைப்பிடம் இருப்பது உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம். இழந்த பணத்தை ஈடுகட்ட வங்கி டெபாசிட்டுக்கு உள்ளதுபோல் காப்பீடு இங்கே பொதுவாகக் கிடையாது.

ஃபுல் டில்ட் ஆட்டக்காரர்கள் பிழைத்தது அதிர்ஷ்டத்தால் என்றுதான் சொல்லவேண்டும். போட்டியாளரான போக்கர்ஸ்டார்ஸே 2012 ஜூலையில் 73.1 கோடி டாலருக்கு அரசோடு சமரசம் செய்து, ஃபுல் டில்ட்டை எடுத்துக்கொண்டது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்காக 18.4 கோடி ஒதுக்கப்பட்டது. அந்த நவம்பரில் தளம் மீண்டும் திறந்தபோது அவர்கள் கணக்கில் பழைய தொகை இருந்தது. அமெரிக்கர்கள் நீதித்துறையிடம் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அங்கே ஒரு சுவாரஸ்யமான தகராறு: திருப்பித் தரவேண்டியது கணக்கில் இருந்த தொகையா, போட்டதில் எடுத்தது போக மீதியா? இரண்டாவது கணக்கை ஏற்றிருந்தால் ஜெயித்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. முதலாவதே நின்றது. முதல் தவணையில் ஏறக்குறைய 27,500 பேருக்கு 7.6 கோடி டாலர் போனது.

தனிக் கணக்கு இருந்தாலும், அதற்குள் எந்தப் பணம் அடங்கும் என்று பார்க்க வேண்டும். பிரிட்டனின் ஃபுட்பால் இண்டெக்ஸ் 2021 மார்ச்சில் உரிமம் முடக்கப்பட்டுத் திவாலானது. கால்பந்து வீரர்களின் ‘பங்குகளை’ வாங்கி விற்கும் ஏற்பாடு அது. பயன்படுத்தாமல் கணக்கில் கிடந்த ரொக்கத்துக்குப் பாதுகாப்புக் கணக்கு இருந்தது. ‘பங்குகளில்’ போட்டது சட்டப்படி பந்தயம் என்பதால் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நின்றது. பெரும்பாலானவர்களின் பணம் இருந்தது அதில்தான்.

பிரிட்டனில் உரிமம் பெற்ற ஒவ்வொரு நிறுவனமும், வாடிக்கையாளர் பணத்துக்கு என்ன பாதுகாப்பு என்பதைத் தன் விதிமுறைகளில் சொல்லியாக வேண்டும். பாதுகாப்பில்லை, நடுத்தரம், உயர்வு என்று மூன்று நிலை. உயர்வு என்றால் சட்டப்படி தனியான அறக்கட்டளைக் கணக்கு, அதை வெளியாள் ஒருவர் கண்காணிக்க வேண்டும். ‘பாதுகாப்பில்லை’ என்று எழுதிவிட்டுத் தொழில் நடத்துவதும் அங்கே சட்டவிரோதம் இல்லை.